ஆயிரத்து அறுநூத்தம்பது ரூவா கூட வந்த கதை

2024ல தீபாவளி அக்டோபர் 31ல வந்துச்சு, மாசத்தோட கடைசி நாள். காரைக்குடியில ஆச்சியோட கண்டாங்கி சேலை கடைக்கு வெப்சைட் பாத்துக்குறதும் மாசாமாசம் ஆன்லைன் கணக்க நேர் பண்றதும் என் வேல, அதனால அந்த தேதிய பாத்தப்பவே எனக்கு வயித்த கலக்குச்சு. ஆர்டர் எல்லாம் அக்டோபர் கடைசி வாரத்துல குவியும், அதுக்கான பணம் நவம்பர்லதான் பேங்குக்கு வரும், ரெண்டு மாசக் கணக்கும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக்கும். (ஆச்சி எனக்கு சொந்தம்லாம் இல்ல, இந்த ஊர்ல கூப்புடுற முறைக்கு நானும் கூப்புடுறேன்.)

நவம்பர் ரெண்டாவது வாரம் உக்காந்தேன். வெப்சைட் சொல்லுது, அக்டோபர்ல ஆன்லைன்ல பணம் கட்டின ஆர்டர் 168, மொத்தம் 3,12,400 ரூவா. பேங்க் ஸ்டேட்மென்ட்ல வாங்குறவங்க கட்டுற காச நமக்காக வாங்கி அனுப்புற பேமென்ட் கேட்வே கிட்ட இருந்து அக்டோபர்ல வந்த வரவு எல்லாத்தையும் கூட்டினா 2,75,563 ரூவா 38 காசு. வித்தியாசம் 36,836 ரூவா 62 காசு. ஆச்சிகிட்ட இத சொன்னா "முப்பத்தாறாயிரம் எங்கய்யா போச்சு"ன்னு கடைய ரெண்டாக்கிருவாங்கன்னு தெரியும், அதனால மூச்சு விடல.

இந்த வித்தியாசத்துல பெரும்பகுதி காணாமப் போன காசு இல்ல. கேட்வேக்காரன் இன்னைக்கு வாங்குன காச இன்னைக்கே தரமாட்டான், எங்களுக்கு ரெண்டு வேலை நாள் கழிச்சு வரும், நடுவுல லீவு வந்தா இன்னும் தள்ளும். அப்ப செப்டம்பர் கடைசி ஆர்டரோட பணம் 14,200 அக்டோபர்ல வந்துருக்கு, அக்டோபர் கடைசி ஆர்டரோட பணம் 41,300 அக்டோபர்ல வரல, ஒண்ணுல இருந்து இன்னொண்ண கழிச்சாலே வித்தியாசத்துல 27,100 போயிருச்சு. அடுத்தது கமிஷன். எங்க திட்டத்துல உள்நாட்டுப் பேமென்ட் எல்லாத்துக்கும் 2 சதவீதம், அந்த கமிஷன் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக நூத்துக்கு 2 ரூவா 36 காசு. கேட்வே ரிப்போர்ட் படி அந்த மாசம் செட்டில் ஆன 2,85,450க்கு இது 6,736 ரூவா 62 காசு. (யூபிஐக்கு எம்டிஆர், அதாவது வியாபாரிகிட்ட புடிக்கிற கட்டணம், 2020 ஜனவரியில இருந்தே கிடையாதுன்னு அரசாங்கம் சொல்லிருச்சு, அப்புறம் எதுக்கு 2 சதவீதம்னு நானும் கேட்டேன், அது பிளாட்ஃபார்ம் ஃபீ சார்னு பதில் வந்துச்சு. பேர மாத்துனா ஆச்சு.) மூணாவது ரீஃபண்ட். கலர் புடிக்கலன்னு மூணு சேலை திரும்பி வந்து வெப்சைட்ல மூணு ரீஃபண்ட் பதிவாயிருந்துச்சு, 1,750, 1,400, 1,500, மொத்தம் 4,650. ரீஃபண்ட் பணத்த கேட்வே நம்ம பேங்க்ல இருந்து எடுக்காது, அடுத்து நமக்கு வரவேண்டிய செட்டில்மென்ட்ல புடிச்சிக்கும்.

இப்ப 3,12,400ல இருந்து இந்த மூணையும் கழிச்சா பேங்குக்கு வந்திருக்க வேண்டியது 2,73,913 ரூவா 38 காசு. வந்தது 2,75,563 ரூவா 38 காசு. ஆயிரத்து அறுநூத்தம்பது ரூவா கூட வந்துருக்கு.

ஆச்சி எட்டிப் பாத்தாங்க. "கூடத்தான தம்பி வந்துருக்கு? கொறஞ்சாத்தான கவலப்படணும்."

1,650ங்கறது எங்க கடையில ரொம்ப ஓடுற ஒரு சேலையோட விலை. உடனே புத்தி அங்க போயிருச்சு, யாரோ ஒரு சேலைக்கு ரெண்டு தடவ பணம் கட்டிட்டாங்க போலன்னு. கேட்வே ரிப்போர்ட்ட ஆர்டர் நம்பர் வாரியா அடுக்கிப் பாத்தா, அட, நெசமாவே ஒருத்தர் ஒரே ஆர்டருக்கு நாலு நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவ 1,650 கட்டியிருக்காரு. முதல் தடவ பக்கம் சுத்திக்கிட்டே இருந்திருக்கும், திரும்ப அமுக்கியிருப்பாரு, ரெண்டும் போயிருச்சு. அவருக்கு ஒண்ண திருப்பி அனுப்பிட்டு, கணக்கு பைசா சுத்தமா நேராயிருச்சுன்னு ஃபைல மூடிட்டு, கல்லுக்கட்டிப் பக்கம் போய் ஒரு டீ குடிச்சேன்.

பத்து நாள் கழிச்சு திருச்சியில இருந்து ஒரு அம்மா போன் பண்றாங்க. சேலைய திருப்பி அனுப்பி ஒரு மாசமாச்சு, 1,500 ரூவா இன்னும் வரலன்னு. நான் வெப்சைட்ட பாத்தா ரீஃபண்ட் ஆயிருச்சுன்னு இருக்கு, "உங்க பேங்க்ல கேளுங்கம்மா"ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. நல்லவேளையா கேட்வே பக்கமும் ஒரு தடவ பாத்தேன். அங்க அப்படி ஒரு ரீஃபண்டே இல்ல, மூணுல ரெண்டுதான் இருக்கு.

எங்க வெப்சைட் கடைய ஓட்டுற வூகாமர்ஸ்ல ரீஃபண்ட் பண்ணப் போனா ரெண்டு பட்டன் வரும். ஒண்ணு கேட்வே பேர் போட்டது, அத அமுக்குனாத்தான் பணம் போகும். இன்னொண்ணு `Refund manually`. அத அமுக்குனா வெப்சைட் தன்னோட ஏட்டுல ரீஃபண்ட் ஆச்சுன்னு எழுதிக்கும், அம்புட்டுதான், ஒத்தப் பைசா நகராது. கையில ரொக்கமா திருப்பிக் குடுத்துட்டு பதிவு மட்டும் பண்றதுக்கு வெச்ச பட்டன் அது. பேக்கிங் பாக்குற பொண்ணு அவசரத்துல அத அமுக்கிருச்சு. அந்த அம்மாவுக்கு அன்னைக்கே பணத்த அனுப்பிட்டேன்.

ஆனா அதுக்கப்புறம் ராத்திரி தூக்கம் வரல. அந்த 1,500 போகவே இல்லன்னா நான் கழிச்ச ரீஃபண்ட் 4,650 தப்பு, 3,150தான் சரி, அப்ப பேங்குக்கு கூட வந்தது 1,650 இல்ல, வெறும் 150. ரெட்டப் பணம் கட்டுனவரோட 1,650ம் நெசம், அது கேட்வே ரிப்போர்ட்ல கண்ணு முன்னாடி இருக்கு. அப்ப 1,500 ரூவா அளவுக்கு வேற எங்கயோ, எதிர்ப்பக்கம், குறையுது. பைசா சுத்தமா நேரா நின்ன கணக்குக்குள்ள குறைஞ்சது மூணு தப்பு ஒளிஞ்சிருக்கு.

மறுநா காலையில ஆச்சியோட அப்பச்சிகிட்ட, நாங்க எல்லாம் ஐயான்னு கூப்புடுவோம், திண்ணையில உக்காந்து இத புலம்பிக்கிட்டு இருந்தேன். ஐயா பதினாறு வயசுல ஈப்போவுக்கு கப்பலேறி, வட்டிக்கடையில பெட்டியடிப் பையனா இருந்து, மேலாளுக்கு அடுத்த எடமான அடுத்தாளா வந்தவரு. வெப்சைட்டும் தெரியாது யூபிஐயும் தெரியாது. முழுசா கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு:

"அந்த கேட்வேக்காரன் பேருக்கு பேரேட்டுல பக்கம் இருக்கா?"

இல்ல. எங்க கணக்குல விற்பனை இருக்கு, பேங்க் இருக்கு, நடுவுல காச வெச்சிருக்கவனுக்கு பக்கமே இல்ல. இன்னும் சொல்லப்போனா எனக்கு முன்னாடி கணக்கு எழுதுனவரு பேங்குக்கு வந்த தொகையவே விற்பனைன்னு எழுதிக்கிட்டு இருந்தாரு. அது இன்னும் மோசம், கமிஷன் புடிச்ச மிச்சத்த விற்பனையா காட்டுனா ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல விற்பனை குறைஞ்சு போகும், கமிஷன் மேல கட்டுன ஜிஎஸ்டிய உள்ளீட்டு வரியா எடுத்துக்குற வழியும் போயிரும்.

"அவன் ஒன் வசூல்காரன்யா" அப்படின்னாரு ஐயா. "ஒனக்காக ஊரெல்லாம் வாங்குறான். வாங்குனத அவன் பேர்ல பற்று எழுது. குடுத்தத வரவு வையி. பாக்கி எவ்வளவுன்னு அவன்கிட்ட கேளு, ஒன் ஏட்டுல கேளு, ரெண்டும் ஒண்ணா இருக்கணும். தொகைய வெச்சு தேடாத. ஆள் ஆளா டிக் அடி."

சரின்னு கேட்வே பேர்ல ஒரு பக்கம் போட்டேன். அக்டோபர் தொடக்கத்துல அவன்கிட்ட நம்ம பாக்கி 14,200. மாசத்துல அவன் வாங்குனது அவனோட ரிப்போர்ட் படி 3,12,550, இது பற்று. வரவுப் பக்கம் பேங்குக்கு அனுப்புனது 2,75,563.38, கமிஷனும் அதுக்கு ஜிஎஸ்டியும் 6,736.62, நமக்காக திருப்பிக் குடுத்தது 3,150. மிச்ச பாக்கி 41,300.00. கேட்வே டேஷ்போர்ட்ல செட்டில் ஆகாம நிக்கிற அக்டோபர் பணமும் அதே 41,300. ஆக அவன் பக்கத்துல ஒரு குறையும் இல்ல. பேங்க் வரவு ஒவ்வொண்ணையும் அதுக்குன்னு பேங்க் போடுற யூடிஆர் நம்பர் வெச்சு அவன் செட்டில்மென்ட்டோட ஒட்டிப் பாத்துட்டேன், அது சுலபம், மாசத்துக்கு இருபது சொச்சம் வரிதான்.

அப்ப கோளாறு எங்க வெப்சைட்டுக்கும் அவன் வாங்குன பட்டியலுக்கும் நடுவுல. இங்க 3,12,400, அங்க 3,12,550. இங்க 168 ஆர்டர், அங்க 169 பேமென்ட். வித்தியாசம் 150 ரூவா, ஒரு எண்ணிக்கை. கூரியர் காசு ஏதோ முன்னப்பின்னன்னு விட்டுறலாம் போலத்தான் இருக்கும்.

இப்ப ஐயா சொன்ன டிக். வூகாமர்ஸ்ல பணம் வந்த ஒவ்வொரு ஆர்டர்லயும் கேட்வேயோட பேமென்ட் ஐடி `_transaction_id`ங்கற இடத்துல இருக்கும், ஆர்டர எக்ஸ்போர்ட் பண்ணும்போது அந்த நெடுவரிசையயும் கேட்டு வாங்கணும். கேட்வே ரிப்போர்ட்லயும் அதே ஐடி இருக்கு. ரெண்டையும் ஒரே எக்ஸெல்ல ரெண்டு ஷீட்டா போட்டுட்டு ஒரு ஷீட்ல இருக்க ஒவ்வொரு ஐடியும் இன்னொண்ணுல எத்தன தடவ இருக்குன்னு எண்ணிட்டா போதும். `Orders` ஷீட்ல B நெடுவரிசை ஐடி, `Gateway` ஷீட்ல A நெடுவரிசை ஐடி:

```
Orders ஷீட்ல:   =COUNTIF(Gateway!A:A, B2)
Gateway ஷீட்ல:  =COUNTIF(Orders!B:B, A2)
```

1 வந்தா ஜோடி சேந்துருச்சு, அப்புறம் தொகை மட்டும் ஒண்ணான்னு பாக்கணும். 0 வந்தா ஜோடி இல்ல. ரெண்டு பக்கமும் போடணும், அதுதான் முக்கியம். நான் மொதல்ல ஆர்டர் பக்கம் மட்டும் போட்டுட்டு ரெட்டப் பேமென்ட் எங்கன்னு தேடிக்கிட்டு இருந்தேன், வரவே வராது, ஏன்னா ஒரு ஆர்டர்ல ஒரு ஐடிதான் உக்காரும், ரெண்டாவது பேமென்ட் கேட்வே பட்டியல்ல மட்டும் அநாதையா நிக்கும். அதே மாதிரி தொகைய வெச்சு ஜோடி சேக்கவே கூடாது. 1,650க்கு அந்த மாசம் நாப்பது சேலைக்கு மேல வித்துருக்கோம், எவன் காசு எவனோடதுன்னு எப்படி சொல்றது.

அஞ்சு வரியில 0 வந்துச்சு. ஒண்ணு தெரிஞ்சது, ரெட்டப் பேமென்ட் 1,650. மிச்சம் நாலு.

கேட்வே பட்டியல்ல இருந்து ரெண்டு, 1,850ம் 2,100ம். வெப்சைட்ல அந்த ஆர்டர் நம்பர் ரெண்டும் இருக்கு, ஆனா நிலைமை `Cancelled`. ரத்தான ஆர்டர நான் எக்ஸ்போர்ட் பண்ணவே இல்ல, அதனாலதான் கண்ணுல படல. ரெண்டுமே ஒரே நாள் மதியம், நம்ம சர்வர் தீபாவளிக் கூட்டத்துல மூச்சுத் திணறி கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் படுத்துக் கெடந்த நேரம். நடந்தது என்னன்னா, வாங்குனவங்க போன்ல யூபிஐ ஆப்புக்கு போய் பணம் கட்டிட்டு, திரும்ப கடைப் பக்கத்துக்கு வராம மூடிட்டாங்க. அப்படி மூடுனாலும் பரவால்ல, பணம் வந்துருச்சுன்னு கேட்வே நேரா நம்ம சர்வருக்கு ஒரு வெப்ஹூக் அனுப்பும். அது வந்து கதவ தட்டுன நேரம் சர்வர் திறக்கல. வெப்ஹூக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு திரும்பத் திரும்ப வரும்தான். ஆனா வூகாமர்ஸ்ல பணம் வராத ஆர்டருக்காக சரக்க எம்புட்டு நேரம் புடிச்சு வெக்கணும்னு `Hold stock` ஒண்ணு இருக்கு, நாமளா மாத்தலன்னா 60 நிமிஷம், அது முடிஞ்சதும் ஆர்டர் ரத்து. வெப்ஹூக் கடைசியா உள்ள வந்தப்ப ஆர்டர் ஏற்கனவே ரத்தாயிருச்சு, கேட்வேயையும் வெப்சைட்டையும் சேக்குற எங்க ப்ளகின் அத பாத்துட்டு ஒண்ணும் பண்ணாம போயிருச்சு. பணம் இங்க, சேலை அங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் பணம் தானா திரும்பிரும்னு நெனச்சு மறுபடி புதுசா ஆர்டர் போட்டு சேலைய வாங்கிட்டாரு. இன்னொருத்தங்க மெயில் போட்டு மெயில் போட்டு அலுத்துட்டாங்க, மெயில் எல்லாம் ஸ்பாம்ல.

அவங்ககிட்ட பேசுனப்ப ஒண்ணு புரிஞ்சுது. பணம் போயி ஆர்டர் தோத்தா அஞ்சு நாள்ல தானா திரும்பிரும்னு எல்லாரும் நம்புறாங்க. ரிசர்வ் பேங்க் 2019ல அப்படி ஒரு விதி போட்டது உண்மைதான், வியாபாரிக்கு பணம் போய்ச் சேந்ததா உறுதி வராத பரிவர்த்தனைக்கு அஞ்சு நாளுக்குள்ள திருப்பணும், தாண்டுனா நாளுக்கு 100 ரூவா. ஆனா இங்க கேட்வே கண்ணுக்கு பரிவர்த்தனை தோக்கவே இல்ல, ஜெயிச்சு, செட்டில் ஆகி, நம்ம பேங்குக்கே வந்துருச்சு. தோத்தது நம்ம ஆர்டர் மட்டும்தான். நாம பாத்து திருப்பலன்னா யாரும் திருப்ப மாட்டாங்க.

வெப்சைட் பக்கத்துல இருந்து ரெண்டு வரி. ஒண்ணு 2,400. ஆர்டர் `Processing`, சேலையும் போயிருச்சு, பேமென்ட் ஐடி இருக்க வேண்டிய இடம் காலி. ஆர்டர் குறிப்ப தெறந்து பாத்தா, கையால நிலைமைய மாத்துனதா இருக்கு. பேக்கிங் பொண்ணுகிட்ட கேட்டேன். "ஆச்சிதான் அண்ணே மாத்தச் சொன்னாங்க, தெரிஞ்சவங்களாம், ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டாங்களாம்." ஆச்சிய கேட்டா, ஆமா தேவகோட்டை சம்பந்தி வீட்டுல வாங்குனாங்க, வெப்சைட்ல கட்ட தெரியலன்னு என் போன் நம்பருக்கே போட்டுட்டாங்க, அதுக்கென்னங்கறாங்க. அதுக்கொண்ணும் இல்ல, காசு அவங்க சொந்த சேமிப்புக் கணக்குல பத்திரமா இருக்கு, கடை கணக்குல இல்ல, அவ்வளவுதான்.

இன்னொண்ணு 3,050. இதுதான் என்னைய ரொம்ப நேரம் அலைய வெச்சுச்சு. பேமென்ட் ஐடி இருக்கு, டேஷ்போர்ட்ல அந்த ஐடிய போட்டு தேடுனா பேமென்ட்டும் வருது, ஆனா அக்டோபர் ரிப்போர்ட்ல இல்ல. தேதிய பாத்தா வெப்சைட்ல அக்டோபர் 31 ராத்திரி 8.40, கேட்வேயில நவம்பர் 1 விடிகாலை 2.10. அஞ்சரை மணி நேர வித்தியாசம்னு பாத்ததும் மண்டையில அடிச்சிக்கிட்டேன். வூகாமர்ஸுக்கு அடியில ஓடுற வேர்ட்பிரஸ் புதுசா போட்டா நேரம் யூடிசிலதான் நிக்கும், நாமதான் `Settings`ல `General` போயி `Timezone`ல `Kolkata`ன்னு வெக்கணும், நான் வெக்கல. வெப்சைட் லண்டன் பக்கத்து நேரத்துல ஓடிக்கிட்டு இருந்திருக்கு. ராத்திரி பன்னெண்டுல இருந்து விடிகாலை அஞ்சரைக்குள்ள வர்ற ஆர்டர் எல்லாம் முந்துன நாள் தேதியில விழும். சாதாரண கடைக்கு அந்த நேரத்துல எவன் வரப்போறான், ஆனா இந்தப் பக்கத்து சனம் பாதி வெளியூர், வெளிநாடு, அமெரிக்காவுல சாயங்காலம் உக்காந்து காரைக்குடிக்கு அம்மாவுக்கு சேலை அனுப்புற நேரம் இங்க விடிகாலைதான்.

இப்ப கூட்டிப் பாருங்க. கேட்வே பக்கம் கூட இருக்கது 1,650ம் 1,850ம் 2,100ம், ஆக 5,600. வெப்சைட் பக்கம் கூட இருக்கது 2,400ம் 3,050ம், ஆக 5,450. கழிச்சா 150. எண்ணிக்கை மூணுக்கு ரெண்டு, அதனாலதான் 168க்கு 169. நூத்தம்பது ரூவா வித்தியாசத்துக்கு அடியில 11,050 ரூவா தப்பு படுத்துருந்துச்சு. இதுக்கு மேல அந்த போகாத ரீஃபண்ட் 1,500 சேந்ததும் மொத்த வித்தியாசம் 1,650 ஆகி, அது சரியா ஒரு சேலை விலையா அமைஞ்சு, அதே விலைக்கு ஒரு ரெட்டப் பேமென்ட்டும் இருந்து, என்னைய நம்ப வெச்சிருச்சு. தொகைய கையில வெச்சுக்கிட்டு அதுக்குத் தகுந்த ஆள தேடிப் போனேன், கெடச்சான்.

அதுக்கப்புறம் நான் மாசத்துக்கு ஒரு தடவ உக்காரத விட்டுட்டேன். வாரம் ஒரு தடவ, திங்கக்கிழம, முந்துன வாரத்து ரெண்டு பட்டியலையும் போட்டு 0 வர்றத மட்டும் பாக்குறேன். எக்ஸ்போர்ட் பண்ணும்போது ரத்து, பெண்டிங், ஃபெயில்டு எல்லா நிலைமையும் சேத்து எடுக்குறேன். ரீஃபண்டுக்கும் தனியா அதே மாதிரி ஐடி வெச்சு ரெண்டு பக்கம் பாக்குறேன், பேமென்ட்டோட கலக்குறது இல்ல. ரெண்டும் சேந்து அரை மணி நேர வேல. இதுல புடிபடாதது ஒண்ணு இருக்கு, கேட்வே கமிஷன தப்பா புடிச்சிருந்தா ஜோடி எல்லாம் சேரும், அது தெரியாது. அதுக்கு கமிஷன தொகையால வகுத்து 2 சதவீதத்த தாண்டுற வரிய மட்டும் தனியா எடுத்துப் பாக்கணும், வெளிநாட்டு கார்டுக்கு எங்க திட்டத்துல கூட புடிப்பாங்க, மத்தது தாண்டக் கூடாது.

ரத்தான ரெண்டுல திரும்ப வாங்குனவருக்கு 1,850ஐ திருப்பியாச்சு. 2,100 கட்டுனவங்க பணம் வேண்டாம் தம்பி, அந்த சேலையே வேணும்னாங்க, அந்த கலர் தீந்துருச்சு, ஆச்சி தறிக்காரருகிட்ட சொல்லி நெய்ய விட்டுருக்காங்க, அது வர்ற வரைக்கும் அவங்க பேர்ல முன்பணமா நிக்குது. திருப்புன பணத்துக்கு கேட்வே கமிஷன திருப்பாது, 1,850க்கு 43 ரூவா 66 காசு, ரெட்டப் பேமென்ட் 1,650க்கு 38 ரூவா 94 காசு, ரெண்டும் நம்ம செலவு. அத ஆச்சிகிட்ட சொன்னப்ப மட்டும் கோவம் வந்துச்சு.

ஐயாவுக்கு அந்த பக்கத்த பிரிண்ட் எடுத்துக் காட்டுனேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு அடியில இருந்த 41,300ஐ பாத்தாரு, டேஷ்போர்ட் படத்துல இருந்த 41,300ஐ பாத்தாரு, "நவம்பருக்கு பக்கம் திருப்பிட்டியா"ன்னு கேட்டாரு. திருப்பிட்டேன். முதல் வரி தொடக்க பாக்கி 41,300, அதுக்கு ஓரமா பென்சில்ல எழுதி வெச்சிருக்கேன், 3,050 அக்டோபர் ஆர்டர், நவம்பர் வசூல்னு.